16 சதவிகிதத்திலேயே மூச்சுத் திணறும் கன்டெய்னர்

ஆப் மெதுவாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள். பொறியாளர்கள் முதலில் திறந்து பார்ப்பது சிபியு வரைபடத்தை. கன்டெய்னருக்கு ஒதுக்கிய அளவில் 16 சதவிகிதம்தான் செலவாகிறது என்று அது காட்டுகிறது. சிபியு மீது குற்றமில்லை என்று முடிவுகட்டிவிட்டு டேட்டாபேஸைச் சந்தேகிக்கிறார்கள். டேட்டாபேஸ் குழு தங்கள் பதிவுகளைக் காட்டி, எல்லா வினவல்களும் சில மில்லி விநாடிகளில் முடிகின்றன என்கிறது. அடுத்து நெட்வொர்க், அதற்கும் அடுத்து நிரலை எழுதியவர். இப்படியே நாள்கள் போகின்றன. தவறு பெரும்பாலும் முதலில் விடுவிக்கப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. அந்த ஆப்புக்கு சிபியு கிடைக்காமல்தான் போயிருக்கிறது. ஆனால், வரைபடத்தில் அது தெரியாது.

எப்படித் தெரியாமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கன்டெய்னருக்கு ‘2 சிபியு’ என்று வரம்பு எழுதும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு பெரிய சர்வரில் இன்று பல நிறுவன ஆப்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனி கன்டெய்னரில் அடைத்து, எந்தச் சர்வரில் எது ஓட வேண்டும் என்று குபெர்னெட்டிஸ் போன்ற மென்பொருள் தீர்மானிக்கிறது. ஒரு கன்டெய்னர் மற்றவற்றின் சிபியுவை விழுங்கிவிடாமல் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னலின் வேலை. செயலிகளைக் குழுவாகக் கட்டிக் கணக்கு வைக்கும் ‘சிகுரூப்’ வசதி 2006-இல் கூகுள் பொறியாளர்களால் தொடங்கப்பட்டு, 2008-இல் வந்த 2.6.24 கெர்னலில் இடம்பெற்றது. குழு எவ்வளவு சிபியு நேரம் எடுக்கலாம் என்று மேல்வரம்பு கட்டும் பகுதி 2012-இல் 3.2 கெர்னலோடு வந்தது. அதன் அடிப்படையை கூகுள், ஐபிஎம் பொறியாளர்கள் 2010-இலேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார்கள். டாக்கரும் குபெர்னெட்டிஸும் இன்றும் இந்தப் பகுதியைத்தான் பயன்படுத்துகின்றன.

‘2 சிபியு’ என்றால் இரண்டு கோர்கள் அந்தக் கன்டெய்னருக்கென்று எடுத்து வைக்கப்படும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. சர்வரில் 16 கோர் இருந்தால் பதினாறிலும் அந்தக் கன்டெய்னர் ஓடலாம். கெர்னல் அளப்பது கோர்களை அல்ல, நேரத்தை. அது காலத்தை 100 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும், எல்லாக் கோர்களிலும் சேர்த்து 200 மில்லி விநாடி சிபியு நேரம் செலவழிக்கலாம். இதுதான் ‘2 சிபியு’ என்பதன் முழுப் பொருள். அந்த 200 தீர்ந்துவிட்டால், அடுத்த துண்டு தொடங்கும்வரை கன்டெய்னரின் எந்த த்ரெட்டும் ஓடாது. பக்கத்தில் கோர்கள் சும்மா இருந்தாலும் கிடைக்காது. இப்படி நிறுத்தி வைப்பதற்குத்தான் த்ராட்டிலிங் என்று பெயர்.

ஒரு தெருவுக்கு மணிக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வருகிறது, ஒவ்வொரு தடவையும் 20 குடம்தான் தரும் என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு எட்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாக வந்து நின்றால் 20 குடம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மிச்சம் 55 நிமிடம் எல்லோரும் காத்து நிற்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு அதிகாரி கணக்கெடுத்து, இந்தத் தெருவுக்கு ஒதுக்கிய தண்ணீரில் ஆறில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை என்று எழுதினால் அதுவும் உண்மைதான்.

இனி எண்களோடு பார்க்கலாம். ஒரு இணையக் கடையின் கட்டணச் சேவை 16 கோர் சர்வரில் ஓடுகிறது. வரம்பு 2 சிபியு. கூடையில் உள்ள பொருள்களின் விலை, வரி, சலுகை, கூரியர் கட்டணம் ஆகியவற்றை எட்டு த்ரெட்கள் பங்கிட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் கணக்கிடுகின்றன. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 40 மில்லி விநாடி வேலை, ஆக மொத்தம் 320. இப்படி ஒரு கோரிக்கை விநாடிக்கு ஒன்று வருகிறது.

தடையே இல்லாவிட்டால் எட்டு த்ரெட்களும் எட்டுக் கோர்களில் ஓடி 40 மில்லி விநாடியில் வேலையை முடித்துவிடும். ஆனால், எட்டுப் பேர் ஒன்றாகச் செலவழிக்கும்போது 200 என்ற ஒதுக்கீடு 25 மில்லி விநாடியில் கரைந்துபோகிறது. கெர்னல் எட்டையும் நிறுத்துகிறது. துண்டு முடிய இன்னும் 75 மில்லி விநாடி இருக்கிறது. அதுவரை ஒன்றும் நடக்காது. அடுத்த துண்டு தொடங்கியதும் மிச்சமிருக்கும் 120-ஐ எட்டாகப் பிரித்து 15 மில்லி விநாடியில் முடிக்கின்றன. பதில் போய்ச் சேர ஆன நேரம் 25-உம் 75-உம் 15-உம் சேர்ந்து 115 மில்லி விநாடி. நாற்பதில் முடிய வேண்டிய வேலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு நேரம் எடுத்திருக்கிறது.

இப்போது அதே சேவையின் சிபியு வரைபடம் என்ன சொல்லும்? விநாடிக்கு 320 மில்லி விநாடி செலவு, அதாவது 0.32 சிபியு. 2 சிபியு வரம்பில் அது 16 சதவிகிதம். கண்காணிப்பு மென்பொருள் பொய் சொல்லவில்லை. அது ஒரு நிமிடத்துக்கோ ஐந்து நிமிடத்துக்கோ சராசரி எடுக்கிறது. ஐந்து நிமிடத்தில் 100 மில்லி விநாடித் துண்டுகள் 3,000 இருக்கின்றன. ஒதுக்கீடு தீர்ந்துபோன துண்டுகளும் ஏறக்குறைய காலியாகக் கழிந்த துண்டுகளும் ஒரே புள்ளியில் கலந்துவிடுகின்றன. வரைபடத்தின் இடைவெளியைப் பத்து விநாடியாகக் குறைத்தாலும் ஒரு புள்ளிக்குள் நூறு துண்டுகள் அடங்கிவிடும். சிபியு பயன்பாட்டு வரைபடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்தக் காத்திருப்பை அதில் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எல்லாக் கோரிக்கைகளும் 115 எடுப்பதில்லை. கோரிக்கை ஒரு துண்டின் தொடக்கத்தில் வராமல் அறுபதாவது மில்லி விநாடியில் வந்தால், 25 ஓடி, 15 காத்திருந்து, மறுபடி 15 ஓடி மொத்தம் 55-இல் முடிந்துவிடும். எண்பதாவது மில்லி விநாடியில் வந்தால் 20 இந்தத் துண்டிலும் 20 அடுத்த துண்டிலுமாக, காத்திருப்பே இல்லாமல் 40-இல் முடியும். நிரல் ஒன்று, தரவு ஒன்று, சர்வரும் ஒன்றுதான். எப்போது வந்தது என்பது மட்டுமே வேறு. பொறியாளர் தன் கணினியிலிருந்து பத்து முறை சோதித்துப் பார்த்து, சில முறை வேகமாகவும் சில முறை மெதுவாகவும் வருவதைக் கண்டு நெட்வொர்க்கைச் சந்தேகிப்பது இதனால்தான்.

சிக்கலை நேரடியாகக் காட்டும் எண்ணிக்கை ஒன்றை கெர்னலே வைத்திருக்கிறது. ஒவ்வொரு சிகுரூப்பிலும் `cpu.stat` என்ற சிறிய கோப்பு உண்டு. கன்டெய்னருக்குள் நுழைந்து அதைப் படிக்கலாம்.

```
kubectl exec checkout-0 -- cat /sys/fs/cgroup/cpu.stat
```

பழைய, முதல் தலைமுறை சிகுரூப் உள்ள சர்வர்களில் இதே கோப்பு `/sys/fs/cgroup/cpu/` என்ற அடைவில் இருக்கும். வரும் வரிகளில் மூன்று முக்கியம். மேலே சொன்ன கட்டணச் சேவையில், எல்லாக் கோரிக்கைகளும் துண்டின் தொடக்கத்திலேயே வந்துவிழும் மோசமான நிலையில், அவை ஏறக்குறைய இப்படி இருக்கும்.

```
nr_periods 84210
nr_throttled 8397
throttled_usec 5038200000
```

கன்டெய்னர் தொடங்கிய நாள் முதல் ஏறிக்கொண்டே வரும் எண்கள் இவை. ஒருமுறை படித்துப் பயனில்லை; ஒரு நிமிடம் கழித்து மறுபடி படித்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை 84810, 8457, 5074200000 என்று வந்தால், அந்த ஒரு நிமிடத்தில் 600 துண்டுகள் கழிந்திருக்கின்றன, அவற்றில் 60-இல் கன்டெய்னர் நிறுத்தப்பட்டிருக்கிறது.

மூன்றாவது எண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. வித்தியாசம் 3.6 கோடி மைக்ரோ விநாடி, அதாவது 36 விநாடி. ஒரு நிமிடத்தில் 36 விநாடி ஆப் நின்றுபோனது என்று பதறிவிடக் கூடாது. கெர்னல் ஒவ்வொரு கோரிலும் நிறுத்திய நேரத்தைத் தனித்தனியாகக் கூட்டுகிறது. எட்டுக் கோர்களில் 75 மில்லி விநாடி வீதம் 60 முறை என்பதுதான் 36 விநாடி ஆகியிருக்கிறது. கடிகாரத்தின்படி ஆப் நின்றது மொத்தமே நாலரை விநாடி. இந்த எண் ஏறுகிறதா, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கலாம். பயனாளர் காத்திருந்த நேரமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைய முடியாது. குபெர்னெட்டிஸில் சிஅட்வைசர் என்ற பகுதி இதே எண்களைத் திரட்டி புரோமிதியஸுக்குத் தருகிறது. நிறுத்தப்பட்ட துண்டுகளின் விகிதத்தை இப்படிக் கேட்கலாம்.

```
rate(container_cpu_cfs_throttled_periods_total[5m])
  / rate(container_cpu_cfs_periods_total[5m])
```

இந்த விகிதம் 25 சதவிகிதத்தைத் தாண்டி நீடித்தால் எச்சரிக்கும் விதி ஒன்று பலரும் பயன்படுத்தும் தயார்நிலை எச்சரிக்கைத் தொகுப்பில் இருக்கிறது, பெயர் `CPUThrottlingHigh`. அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. நம் கட்டணச் சேவையில் விகிதம் எவ்வளவு? 600-க்கு 60, அதாவது 10 சதவிகிதம். எச்சரிக்கை வரவே வராது. ஆனால், அந்த மோசமான நிலையில் வந்த ஒவ்வொரு கோரிக்கையும் மூன்று மடங்கு தாமதமாகியிருக்கிறது. வேலை நடந்த துண்டுகள் எல்லாமே அடிபட்டிருக்கின்றன. வேறு சில்லறை வேலைகள் மட்டும் நடந்த மற்றத் துண்டுகள்தான் விகிதத்தைக் கீழே இழுக்கின்றன. மறுபுறம், பதிவுகளைச் சேகரித்து அனுப்பும் ஒரு சிறு துணைக் கன்டெய்னர் 60 சதவிகிதத் துண்டுகளில் நிறுத்தப்படலாம். பதிவு அரை விநாடி தாமதமாகப் போய்ச் சேர்வதால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே விகிதம் ஒரு தடயம்தான். அதைக் கோரிக்கை எடுத்த நேரத்தோடு ஒரே திரையில், ஒரே நேர அச்சில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் சராசரி நேரத்தைப் பார்க்கக் கூடாது. நூறில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு எடுத்தது என்ற அளவைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பாட்டில் பல கன்டெய்னர்கள் இருந்தால் ஒவ்வொன்றின் கோட்டையும் தனியாக வரைவது நல்லது. சேர்த்து வரைந்தால் மறுபடியும் சராசரியின் குழிக்குள்தான் விழுவோம்.

இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறி இறங்கினாலும் அது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. கூட்டம் அதிகமாகும்போது எல்லாமே சேர்ந்து ஏறும். நிரூபிக்க எளிய வழி ஒன்று உண்டு. பத்து பாட்கள் ஓடினால் ஒன்றுக்கு மட்டும் வரம்பை 2-இலிருந்து 4 ஆக்கி, அதே போக்குவரத்தை அதே மணி நேரத்தில் ஓட விட வேண்டும். அந்த ஒரு பாட்டில் `nr_throttled` நின்று, மெதுவான கோரிக்கைகளும் மறைந்துவிட்டால் வழக்கு முடிந்தது. `nr_throttled` நின்றும் தாமதம் அப்படியே இருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. `nr_throttled` தொடக்கத்திலிருந்தே அசையாமல் `cpu.pressure` என்ற பக்கத்துக் கோப்பின் எண்கள் மட்டும் ஏறினால், கன்டெய்னரின் வரம்பு காரணமல்ல. சர்வரிலேயே நெரிசல், கோருக்காக வரிசை நிற்கிறது.

இந்தச் சோதனையில் ஏன் 3 வேண்டாம், 4 என்று சொல்கிறோம்? வரம்பைக் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்துவிட்டு ‘பயனில்லை’ என்று கைவிடுபவர்கள் அதிகம். 3 சிபியு கொடுத்தால் ஒதுக்கீடு 300 மில்லி விநாடி. எட்டு த்ரெட்களும் 37.5 மில்லி விநாடி ஓடி, 300-ஐத் தீர்த்துவிட்டு, மிச்சமுள்ள 20-க்காக அடுத்த துண்டுவரை நிற்கும். முடிவு 102.5 மில்லி விநாடி. ஒன்றரை மடங்கு சிபியு கொடுத்தும் 115 வெறும் 102.5 ஆகத்தான் குறைந்தது! 4 கொடுத்தால் ஒதுக்கீடு 400, தேவை 320-தான், நிற்கவே வேண்டியதில்லை, 40-இல் முடிந்துவிடும். முன்னேற்றம் சீரான சரிவாக வருவதில்லை, படிபோல ஒரே இடத்தில் வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வரம்பை 4 ஆக்கியதால் சேவை ஒரு மில்லி விநாடிகூட அதிகமாகச் செலவழிக்கவில்லை, அதே 320-தான். வரம்போடு ஒப்பிடும் வரைபடம் 16-இலிருந்து 8 சதவிகிதமாக இறங்கும், ஆப் மூன்று மடங்கு வேகமாகும்.

இதுவரை சொன்னதெல்லாம் கெர்னல் தன் விதிப்படி சரியாக நடந்துகொண்ட கதை. விதியே தவறாக வேலைசெய்த காலமும் ஒன்று இருந்தது.

வேலை தேடும் தளமான இன்டீட் நிறுவனத்தின் பொறியாளர்கள் விநோதமான ஒன்றைக் கவனித்தார்கள். அவர்களின் சில சேவைகள் அடிக்கடி நிறுத்தப்பட்டன. ஆனால், ஒரு 100 மில்லி விநாடித் துண்டை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் ஒதுக்கீடு முழுக்கச் செலவாகியிருக்கவில்லை. சராசரியின் மேல் பழிபோட இங்கே வழியில்லை. அந்த நிறுவனத்தின் டேவ் சிலுக் கெர்னலின் உள்ளே போய்க் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

ஒதுக்கீடு ஒரு பொதுக் கணக்கில் இருக்கிறது. ஒரு கோரில் த்ரெட் ஓடத் தொடங்கும்போது அந்தப் பொதுக் கணக்கிலிருந்து 5 மில்லி விநாடியை எடுத்துத் தன் கையிருப்பில் வைத்துக்கொள்கிறது. வேலை சீக்கிரம் முடிந்தால் மிச்சத்தைத் திருப்பித் தரும். ஆனால், அடுத்த வேலை உடனே வந்தால் உதவும் என்று 1 மில்லி விநாடியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளும். அந்தக் கையிருப்பு துண்டு முடியும்போது காலாவதியாகிவிட வேண்டும் என்பது விதி. நான்கு கோர் கணினியில் இது பொருட்டல்ல. இன்டீட் எடுத்துக்காட்டிய சர்வரில் 88 கோர்கள். பல கோர்களில் ஒரு நொடிப்பொழுது மட்டும் ஓடிவிட்டுத் தூங்கும் த்ரெட்கள் இருந்தால், ஒவ்வொரு துண்டிலும் 87 மில்லி விநாடி வரை யாருக்கும் பயன்படாமல் ஆங்காங்கே கோர்களில் சிக்கி அழிந்துபோகலாம். ஒரு சிபியு வரம்புள்ள கன்டெய்னருக்கு ஒரு துண்டில் கிடைப்பதே 100 மில்லி விநாடிதான். அதில் 87 போய்விட்டால் என்ன மிஞ்சும்?

இந்தக் காலாவதி விதி ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தொல்லை தராமல் இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2014-இல் வந்த 3.16 கெர்னலிலிருந்து இருந்த வேறொரு பிழையால், கையிருப்பு நடைமுறையில் காலாவதியாகவே இல்லை. 2018-இல் 4.18 கெர்னலுக்காக அந்தப் பிழையைத் திருத்தினார்கள். திருத்தம் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோகப்பட்டது. விதி எழுதியபடி வேலைசெய்யத் தொடங்கியது, கன்டெய்னர்கள் திணறத் தொடங்கின. கெர்னலைப் புதுப்பித்த பிறகு ஆப்கள் காரணமில்லாமல் மெதுவாயின என்று பலர் புகார் சொன்னது இதனால்தான். சிலுக் கொண்டுவந்த திருத்தம் காலாவதியையே எடுத்துவிட்டது. 80 கோர் கணினியில், துண்டுக்கு 10 மில்லி விநாடி ஒதுக்கீட்டில் செய்த ஒரு செயற்கைச் சோதனையில் வேகம் ஏறக்குறைய 30 மடங்கு கூடியதாகத் திருத்தக் குறிப்பு சொல்கிறது. அது 2019-இல் 5.4 கெர்னலில் சேர்ந்தது. சர்வரில் `uname -r` என்று தட்டி, அதைவிடப் பழைய பதிப்பு வந்தால், இந்தத் திருத்தம் அதில் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இன்று பெரும்பாலான சர்வர்கள் இதைத் தாண்டிவிட்டன. எனவே இப்போது காணப்படும் த்ராட்டிலிங் பெரும்பாலும் பிழையல்ல, முன்னே பார்த்த எளிய கணக்குதான்.

அந்தக் கணக்கை மோசமாக்குவது பல நேரம் நிரலாளர் எழுதிய த்ரெட்கள்கூட அல்ல, மொழியின் இயங்குதளம் தானாகப் படைத்துக்கொள்ளும் த்ரெட்கள். ஜாவா தொடங்கும்போது கணினியில் எத்தனை கோர் என்று பார்த்து, அதற்கேற்பக் குப்பை நினைவகத்தைத் துப்புரவு செய்யும் த்ரெட்களை உருவாக்குகிறது. 64 கோர் சர்வரில் அது 43. பழைய ஜாவாவுக்குக் கன்டெய்னர் வரம்பு கண்ணில் படாது. 2018-இல் வந்த ஜாவா 10-உம், ஜாவா 8-இன் 191-ஆம் புதுப்பிப்பும்தான் வரம்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டன. 43 த்ரெட்கள் ஒன்றாக எழுந்தால் 2 சிபியு ஒதுக்கீடு 5 மில்லி விநாடிக்குள் தீரும். மொத்தம் 300 மில்லி விநாடி எடுக்கும் ஒரு சாதாரணத் துப்புரவு வேலை நடுவில் நின்று, ஏறக்குறைய 100 மில்லி விநாடி ஆப்பை முடக்கும். அந்த நேரத்தில் வந்த சின்னஞ்சிறு கோரிக்கையும் சேர்ந்து காத்திருக்கும், ஏனென்றால் நிறுத்தப்படுவது முழுக் கன்டெய்னர். கோ மொழியிலும் இதே நிலைதான் பல ஆண்டுகள் இருந்தது. ஊபர் நிறுவனம் அதற்காக `automaxprocs` என்ற நூலகத்தை வெளியிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த கோ 1.25 பதிப்புதான் கன்டெய்னரின் வரம்பைத் தானே பார்த்து `GOMAXPROCS` மதிப்பை வைத்துக்கொள்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் அந்த எண்ணையும், ஜாவாவில் `-XX:ActiveProcessorCount` என்ற அமைப்பையும் கையால் எழுதிவிடலாம்.

ஆனால், த்ரெட்களைக் குறைப்பது எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. நம் கட்டணச் சேவையை எட்டிலிருந்து இரண்டு த்ரெட்டாகக் குறைத்தால் த்ராட்டிலிங் அடியோடு நின்றுவிடும், `nr_throttled` அசையாது. கோரிக்கை எடுக்கும் நேரமோ 160 மில்லி விநாடி ஆகும், முன்பைவிட அதிகம். எண்ணிக்கையைப் பூச்சியமாக்குவது நோக்கமல்ல. பயனாளருக்குப் பதில் வேகமாகப் போவதுதான் நோக்கம். துப்புரவு த்ரெட்கள் போலத் தேவைக்கு மீறி முளைத்தவற்றைக் குறைக்கலாம். உண்மையான வேலையைப் பங்கிடும் த்ரெட்களுக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

இடம் கொடுக்கும் வழிகளில் மிகவும் விவாதிக்கப்படுவது, சிபியு மேல்வரம்பையே எடுத்துவிடுவது. குபெர்னெட்டிஸில் சிபியுவுக்கு இரண்டு எண்கள் எழுதலாம். `limits` என்பதுதான் இதுவரை பார்த்த மேல்வரம்பு. `requests` என்பது நெரிசல் நேரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கெர்னலுக்குச் சொல்லும் எடை. கோர்கள் சும்மா இருக்கும்போது அது யாரையும் நிறுத்துவதில்லை. ஜெர்மனியின் ஜலாண்டோ, சமூக ஊடகப் பதிவுகளைத் திட்டமிட உதவும் பஃபர் போன்ற நிறுவனங்கள் மேல்வரம்பை நீக்கிவிட்டு அந்த அனுபவத்தைப் பொதுவில் பகிர்ந்திருக்கின்றன. அப்படிச் செய்யும்போது அமைப்பு இப்படி இருக்கும்.

```
resources:
  requests:
    cpu: "1"
    memory: 1Gi
  limits:
    memory: 1Gi
```

நினைவகத்தின் வரம்பு அப்படியே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிபியு போதாவிட்டால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். நினைவகம் போதாவிட்டால் செயலி கொல்லப்படும். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குப் பொருத்தக் கூடாது.

சர்வர் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்து, ஒவ்வொரு சேவைக்கும் `requests` நேர்மையாக எழுதப்பட்டிருந்தால், பயனாளருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சேவைகளுக்கு மேல்வரம்பை எடுப்பதே சரி. வேறு வேறு வாடிக்கையாளர்களின் ஆப்கள் ஒரே சர்வரில் ஓடும் இடத்திலும், செலவழித்த அளவுக்குக் கட்டணம் வசூலிக்கும் இடத்திலும் அது சரிவராது. அங்கே மேல்வரம்பு தேவை. மேல்வரம்பை எடுத்தால் ஜாவாவும் கோவும் மறுபடி 64 கோரையும் பார்த்து த்ரெட்களைப் பெருக்கும் என்பதையும் நினைவில் வைத்து, அந்த எண்களைக் கையால் எழுதிவிட வேண்டும். நடுவழி ஒன்றும் உண்டு. 2021-இல் வந்த 5.14 கெர்னலில், முந்தைய துண்டுகளில் செலவழிக்காத நேரத்தைக் கொஞ்சம் சேமித்து நெருக்கடியில் எடுத்துக்கொள்ள `cpu.max.burst` என்ற வசதி சேர்க்கப்பட்டது. நம் சேவைக்கு அதில் 120 மில்லி விநாடி சேமிப்பை அனுமதித்தால், வரம்பு 2 ஆக இருந்தபடியே 320-உம் ஒரே மூச்சில் கிடைக்கும்.

பாட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் இந்த நோய்க்கு மருந்தல்ல. பத்து பாட் இருபது ஆனாலும், ஒரு கோரிக்கை ஒரு பாட்டுக்குள்தான் ஓடுகிறது. அங்கே அதே 200 மில்லி விநாடிச் சுவரில்தான் அது மோதும். தானாகப் பாட்களைக் கூட்டும் ஹெச்பிஏ பொதுவாகச் சராசரி சிபியு பயன்பாட்டைப் பார்த்து முடிவெடுப்பதால், குறைந்த பயன்பாட்டில் திணறும் ஆப்பை அது ஆரோக்கியமானதாகவே எண்ணும். இரவில் பாட்களைக் குறைக்கவும் செய்யலாம். உங்கள் நிறுவனத்து டாஷ்போர்டில் சிபியு பயன்பாட்டுக் கோடு மட்டும் இருந்தால், அதன் பக்கத்திலேயே நிறுத்தப்பட்ட துண்டுகளின் விகிதத்தையும் இன்றே வரையச் சொல்லுங்கள். அதற்கான எண்கள் சர்வரில் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன.